படிப்பு இடைவெளியை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது? வடசென்னை மாணவர்கள் கேட்ட கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பட்டம் முடித்து ஓரிரு வருடம் கழித்து மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களின் சுயவிவரத்தையும் நோக்கக் கடிதத்தையும் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஜெர்மனியில் முதுகலைக்கு விண்ணப்பித்த ஒரு தம்பியின் கதையை அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி நடுவில் வைத்துக்கொள்கிறேன்.

"அண்ணா, நான் 2022-ல பி.இ. முடிச்சேன். 2025-ல தான் ஜெர்மனிக்கு அப்ளை பண்றேன். மூணு வருஷம் கேப். சொல்லிட்டா நல்லதா, கண்டுக்காம விட்டுடலாமா?"

முதலில் அந்த "மூணு வருஷம்" என்ற கணக்கை விடுங்கள். ஒரு தாளை எடுத்து, படிப்பு முடிந்த மாதத்திலிருந்து புதுப் படிப்பு தொடங்கும் மாதம் வரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். வருடமாகச் சொன்னால் எல்லாம் ஒரே வெற்றிடமாகத் தெரியும். மாதமாக எழுதினால்தான் எது வெற்றிடம், எது வேலை, எது காத்திருப்பு என்று பிரியும்.

நான் சொன்ன தம்பியும் இதே கேள்வியோடுதான் வந்தார். மெக்கானிக்கல் படித்தவர். 2022 மே மாதம் கடைசி செமஸ்டர் முடிந்தது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் 2025 அக்டோபரில் தொடங்குகிறது. இடையில் 40 மாதங்கள். எழுதிப் பார்த்தோம். 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை 7 மாதம், அரியர் எழுதினார், வீட்டில் அப்பாவுக்கு விபத்து. 2023 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை 24 மாதம், சாத்தங்காடு இரும்புச் சந்தையில் ஒரு கடையில் வேலை. 2025 ஜனவரி முதல் செப்டம்பர் வரை 9 மாதம், ஐஇஎல்டிஎஸ், ஜெர்மன் வகுப்பு, விண்ணப்ப வேலைகள், விசா. ஆக, உண்மையில் விளக்கம் தேவைப்பட்டது 7 மாதத்துக்குத்தான். அதுவரை அவர் அந்தக் கடை வேலையை வேலையாகவே நினைக்கவில்லை. "அது சும்மா போனதுண்ணா" என்றார்.

கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் வேண்டாம். ஜெர்மனியில் சுயவிவரம் என்றால் இடைவெளி இல்லாமல், மாதமும் வருடமும் போட்ட அட்டவணையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். 2022-க்கு அடுத்த வரி 2025 என்று இருந்தால், படிக்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். நீங்கள் எழுதாத இடத்தில் அவர் தன் ஊகத்தை எழுதிக்கொள்வார்.

இன்னொன்று. படிப்பு முடிந்த மே, ஜூனிலிருந்து அதே வருடம் அக்டோபர் வரையிலான காலத்தை யாரும் இடைவெளியாக எண்ணுவதில்லை. ரிசல்ட், சான்றிதழ், சேர்க்கை என்று எல்லோருக்கும் ஆகிற நேரம் அது. அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம்.

"ரெண்டு அரியர் இருந்துச்சு. அப்புறம் கிளியர் பண்ணிட்டேன். அதைப் பத்தி நானே ஏன் சொல்லணும்?"

உங்கள் மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே சொல்லிவிட்டது, அதனால்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் எந்தப் பாடம் எந்தத் தேர்வில் தேறியது என்று மாதமும் வருடமும் இருக்கும். மற்ற பாடங்களெல்லாம் ஒரு தேதியில் இருக்க, ஒன்றின் எதிரே மட்டும் ஒரு வருடம் கழித்து ஒரு தேதி இருந்தால் அது தெரியாமல் போகாது. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களை ஏபிஎஸ் என்ற அமைப்பு முதலில் சரிபார்க்க வேண்டும் என்பது 2022 நவம்பர் முதல் ஜெர்மன் விசாவுக்கு நடைமுறை. அங்கேயும் இதே காகிதங்கள்தான் போகும்.

அதற்காக அரியருக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டாம். ஒரு வாக்கியம் போதும்: எத்தனை பாடம், எப்போது தேறினீர்கள். ஆசிரியர் சரியில்லை, வினாத்தாள் கடினம், திருத்தியவர் சரியாகத் திருத்தவில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் விண்ணப்பத்தில் அதற்கு இடம் கிடையாது. சேரப்போகும் படிப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள பாடத்தில் அரியர் என்றால் மட்டும், பிறகு அதே பாடத்தில் என்ன கற்றீர்கள் என்று இன்னொரு வாக்கியம் சேர்க்கலாம்.

"சார், நான் வேலை பாத்தது கடையில. சம்பளம் கையில காசா குடுத்தாங்க. பி.எஃப். கிடையாது, பே ஸ்லிப் கிடையாது. இதை எப்டி எக்ஸ்பீரியன்ஸ்னு காட்டுறது?"

நம் பக்கம் பாதிப் பேருடைய கதை இதுதான். மண்ணடி, சாத்தங்காடு, காசிமேடு, எங்கே போனாலும் கைச்சம்பளம்தான். 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொதுவாக பி.எஃப். கட்டாயமில்லை. அதனால் பி.எஃப். இல்லாதது உங்கள் குற்றமும் இல்லை, கடைக்காரர் ஏமாற்றினார் என்று அர்த்தமும் இல்லை.

கடை முதலாளியிடம் போய் அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள். அதில் ஜிஎஸ்டி எண், கடை முகவரி, அவர் கைபேசி எண், முத்திரை இருக்கட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, மாதம் எவ்வளவு, பணமாகக் கொடுக்கப்பட்டது என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். "பணமாக" என்ற சொல்லை மறைக்க வேண்டாம். அது இருந்தால்தான் உங்கள் வங்கிக் கணக்கில் ஏன் சம்பளம் வரவில்லை என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும். வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் வங்கியில் போட்டிருந்தால் அந்த ஸ்டேட்மென்டையும் எடுத்து வையுங்கள்.

பதவிப் பெயரைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள். நம் தம்பியின் கடிதத்தில் முதலில் "குவாலிட்டி மேனேஜர்" என்று போட்டிருந்தார்கள். ஆறு பேர் வேலை பார்க்கும் கடையில் தர மேலாளர் யார் என்று யாராவது கேட்டால் சிரிப்புதான் வரும். "ஸ்டோர் அசிஸ்டன்ட்" என்று மாற்றிவிட்டு, செய்த வேலையை விவரமாக எழுதினோம். அந்த விவரம்தான் பின்னால் கைகொடுத்தது.

முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அண்ணாச்சி, இதைப் பத்தி யாராவது போன் பண்ணிக் கேட்டா, நான் வேலை பாத்த தேதியைச் சொல்லுங்க." சரிபார்க்க அழைக்கும்போது அவர் "யாரு, எந்தப் பையன்?" என்று கேட்டுவிட்டால் கடிதம் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

"எங்க எழுதணும்? சி.வி.லயா, மோட்டிவேஷன் லெட்டர்லயா? ஒரு மாதிரி குடுங்க அண்ணா."

இரண்டிலும், ஆனால் வேறு வேறு அளவில். சுயவிவரத்தில் தேதியும் வேலையும் மட்டும், காரணம் வேண்டாம். கடிதத்தில் காரணம் ஒரே வாக்கியத்தில், அதுவும் நடுப் பத்தியில் வரட்டும். முதல் பத்தியை இடைவெளிக்குக் கொடுத்தால், நீங்கள் யார் என்று தெரியும் முன்பே உங்கள் குறை தெரிந்துவிடும். கடைசிப் பத்தியில் வைத்தால், கடிதத்தை மூடி வைக்கும்போது மனதில் நிற்பது அதுவாகத்தான் இருக்கும்.

தம்பி முதலில் எழுதி வந்தது, தமிழில் சொன்னால், இப்படி: "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையாலும் சில தனிப்பட்ட காரணங்களாலும் பட்டப்படிப்புக்குப் பின் என்னால் உடனே மேல்படிப்பைத் தொடர இயலவில்லை. இருப்பினும் பொறியியல் மீது எனக்கிருந்த தீராத ஆர்வம் ஒருபோதும் குறையவில்லை."

இதில் ஒரு தகவல்கூட இல்லை. என்ன சூழ்நிலை, எத்தனை மாதம், இப்போது தீர்ந்ததா, அந்த நாட்களில் என்ன செய்தார், எதுவும் தெரியாது. "தனிப்பட்ட காரணங்கள்" என்று படித்ததும் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம்தான் வரும். தீராத ஆர்வத்தை எல்லாக் கடிதத்திலும் படித்து அவர்களுக்குச் சலித்திருக்கும்.

கடையில் என்ன செய்தாய் என்று உட்கார வைத்துக் கேட்டேன். லாரியில் தகடு வந்ததும், அது எந்த உருக்கு வார்ப்பிலிருந்து வந்தது என்று காட்ட தகட்டில் அச்சிட்டிருக்கும் ஹீட் எண்ணையும், ஆலை அனுப்பும் சோதனைச் சான்றிதழில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து இறக்குவது அவர் வேலை. ஐஎஸ் 2062 தரத்துத் தகட்டின் சான்றிதழில் கார்பன், மாங்கனீசு, கந்தகம் எவ்வளவு, எவ்வளவு இழுவிசை தாங்கும் என்றெல்லாம் இருக்கும். இரண்டு வருடம் அதைத் தினமும் படித்திருக்கிறார். அவர் விண்ணப்பித்தது எதற்குத் தெரியுமா? மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். இதை விட்டுவிட்டுத்தான் "தீராத ஆர்வம்" என்று எழுதியிருந்தார்.

மாற்றி எழுதியது இது:

"2022 மே மாதம் படிப்பு முடிந்தபோது இரண்டு பாடங்கள் பாக்கி இருந்தன. ஒன்றை அந்த ஆண்டு நவம்பர்/டிசம்பர் தேர்விலும் மற்றதை 2023 ஏப்ரல்/மே தேர்விலும் எழுதித் தேறினேன். 2022 அக்டோபரில் அப்பாவுக்கு விபத்தில் கால் எலும்பு முறிந்ததால், 2023 ஜனவரியில் இரும்புத் தகடு விற்கும் கடையில் சேர்ந்து இரண்டு வருடம் வேலை செய்தேன். வரும் ஒவ்வொரு தகட்டின் ஹீட் எண்ணையும் ஆலையின் சோதனைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. ஒரே தரம் என்று வந்த இரண்டு தகடுகளில் ஒன்று, வாடிக்கையாளர் பட்டறையில் வளைக்கும்போது விரிசல் விட்டது. சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தபோது இரண்டிலும் கார்பன் வரம்புக்குள்தான் இருந்தது, ஆனால் அளவு வேறு. வரம்புக்குள் இருந்தும் ஏன் விரிசல் என்ற கேள்விக்கு என் பி.இ. பாடங்களில் விடை இல்லை. அப்பா இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார்."

விபத்துக்கு அரை வாக்கியம்தான். அரியருக்கு இரண்டு சின்ன வாக்கியங்கள். மிச்சம் எல்லாம் அவர் பார்த்ததும் யோசித்ததும். கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படிப்பை நிறுத்திய காரணம் தீர்ந்ததா என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால், இங்கே வந்த பிறகும் பாதியில் போய்விடுவாரோ என்ற சந்தேகம் நிற்கும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மதிப்பெண்ணும், நீங்கள் படித்த பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு பொருந்துகிறதா என்பதும்தான் முதலில் பார்க்கப்படும். எவ்வளவு நல்ல கடிதமும் பொருந்தாத பாடப்பட்டியலைக் காப்பாற்றாது.

"ஒரு கன்சல்டன்சில, அஞ்சாயிரம் குடுத்தா கம்பெனி லெட்டர் ரெடி பண்ணித் தரேன்னாங்க. எல்லாரும் பண்றாங்களாமே?"

வேண்டாம். இடைவெளி இருப்பது குறையாகக்கூட எண்ணப்படாமல் போகலாம், பொய்ச் சான்றிதழ் அப்படிப் போகாது. பொய் ஆவணம் என்று தெரிந்தால் ஆஸ்திரேலியா 3 வருடம் விசா மறுக்கலாம். கனடாவில் 5 வருடத் தடை. பிரிட்டனில் 10 வருடம் வரை போகும். இப்படி ஒரு மறுப்பு வந்துவிட்டால், வேறு நாட்டு விண்ணப்பத்திலும் "முன்பு விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும்.

பிடிபடுவதும் கடினமில்லை. நிறுவனத்தின் பி.எஃப். பதிவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பெரிய கம்பெனி என்று கடிதம் சொல்கிறது, உங்கள் பெயரில் பி.எஃப். எண்ணே இல்லை என்றால் அங்கேயே முடிந்தது. நிஜமான சின்னக் கடையின் நிஜமான கடிதம் இதைவிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பு.

"ரெண்டு வருஷம் கேட், டிஎன்பிஎஸ்சி னு படிச்சேன். எதுவும் கிடைக்கல. தோத்ததை எப்டி எழுதுறது?"

தேர்வு எழுதினீர்கள் என்பது ஒரு செயல், தேதியும் ஹால் டிக்கெட்டும் உள்ள செயல். "போட்டித் தேர்வுக்குத் தயாரிப்பு, 2022 ஜூலை முதல் 2024 பிப்ரவரி வரை" என்று எழுதி, எழுதிய தேர்வின் பெயரைப் போடுங்கள். கேட் மதிப்பெண் அட்டை நல்லதாக இருந்தால் இணையுங்கள். குறைவாக இருந்து, விண்ணப்பத்தில் கேட்கவும் இல்லை என்றால் மதிப்பெண்ணைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கக் கூடாது.

சிக்கல் தோல்வியில் இல்லை, திசை மாறியதில் இருக்கிறது. அரசு வேலைக்குப் படித்தவர் திடீரென்று வெளிநாட்டுப் படிப்பு என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். "வீட்டில் நிலையான வருமானம் தேவைப்பட்டதால் அந்த வழியை முதலில் பார்த்தேன்" என்பது நேர்மையான, போதுமான பதில்.

"ப்ளஸ் டூ முடிச்சு ரெண்டு வருஷம் நீட் எழுதினேன். இப்போ பி.எஸ்சி. சேரப்போறேன். லெட்டர் எதாவது எழுதணுமா?"

அரசுக் கலைக் கல்லூரிக்கு என்றால் வேண்டாம். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியோ, பாரதி மகளிர் கல்லூரியோ, சேர்க்கை ப்ளஸ் டூ மதிப்பெண் வரிசையில்தான் நடக்கும். மாற்றுச் சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். சில தனியார் கல்லூரிகள் இடைவெளிக்கு அஃபிடவிட் கேட்கும்.

"அந்த அஃபிடவிட் எங்க எடுக்குறது?"

பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றி முத்திரைத்தாள் விற்பவர்களும் டைப் அடிப்பவர்களும் நோட்டரிகளும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைக் கட்டணம் 2024-ல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. டைப் அடிப்பவர் வழக்கமாக வைத்திருக்கும் வாசகத்தில் "வீட்டில் சும்மா இருந்தேன், எந்த வேலையும் செய்யவில்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள். சுயவிவரத்தில் கடை வேலை என்று எழுதிவிட்டு, சத்தியம் செய்த காகிதத்தில் வேலையே செய்யவில்லை என்று இருந்தால் இரண்டும் மோதும்.

"அக்கா, எனக்கு உடம்பு சரியில்லாம போச்சு, மனசும் சரியில்ல. அதெல்லாம் வெளிய சொல்ல விருப்பமில்ல."

சொல்ல வேண்டாம். நோயின் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. "2023 மார்ச் முதல் நவம்பர் வரை உடல்நலக் காரணங்களால் படிப்பை நிறுத்தியிருந்தேன், சிகிச்சை முடிந்து முழுநேரம் படிக்கும் நிலையில் இருக்கிறேன்" என்று எழுதினால் போதும். மருத்துவரிடம் அதே தேதிகளோடு ஒரு சின்னக் கடிதம் வாங்கிக் கையில் வைத்திருங்கள், கேட்டால் மட்டும் கொடுங்கள். அதிலும் நோயின் பெயர் வேண்டாம் என்று மருத்துவரிடமே சொல்லலாம். (கேள்வியில் அக்கா என்று கேட்டிருந்தார்கள். நான் அண்ணன்தான், பரவாயில்லை.)

கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விழுந்தவர்களுக்கும் இதே அளவு போதும். "குடும்பப் பொறுப்பு" என்று தேதியோடு ஒரு வரி. மாமியார் படிக்க விட்டாரா என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை.

"விசா இன்டர்வியூல கேட்டா என்ன சொல்றது?"

எழுதியதையே சொல்லுங்கள், அதே மாதங்களோடு. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய சுயவிவரமும் விசாவுக்குக் கொடுக்கும் சுயவிவரமும் ஒரே கோப்பாக இருக்கட்டும். ஒன்றில் 2023 ஜனவரி, இன்னொன்றில் 2022 நவம்பர் என்று இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. யாரும் பொய் சொல்வதில்லை, ஒவ்வொரு தடவையும் நினைவிலிருந்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மன் விசா மறுக்கப்பட்டால் முன்பு மறுபரிசீலனைக் கடிதம் எழுத வழி இருந்தது. 2025 ஜூலை முதல் அது இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும். அதனால் முதல் தடவையே தேதிகள் சரியாக இருக்க வேண்டும்.

நம் தம்பிக்கு வீட்டில் ஒத்திகை வைத்தோம். "2022-க்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், முதல் தடவை அப்பா விபத்தில் தொடங்கி ஆஸ்பத்திரி, கடன், தங்கை படிப்பு என்று போய்க்கொண்டே இருந்தார். அரை நிமிடத்துக்குள் முடியும்படி சுருக்கினோம்: "அரியர் முடித்தேன், அப்பாவுக்கு விபத்து, இரண்டு வருடம் இரும்புக் கடையில் தகடு சரிபார்க்கும் வேலை, அதன் பிறகு மொழித் தேர்வும் விண்ணப்பமும்." அதற்கு மேல் கேட்டால் மட்டும், கேட்ட இடத்தை விரித்துச் சொல்லலாம். கடையைப் பற்றிக் கேட்டால் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது, ஹீட் எண் எங்கே அடித்திருக்கும் என்பதில் தொடங்கி.